யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்

இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். பதினோராம் நம்பர் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது, செண்பகவல்லியின் கையில் இருப்பது பதினேழு, ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் ஒரு மணி நேரம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மனுஷிக்கு எவ்வளவோ நடக்கலாம், மயக்கம் வரலாம், கரண்ட் போகலாம், டாக்டருக்கு வீட்டிலிருந்து போன் வந்து பாதியில் எழுந்து போகலாம் என்று அவள் வரிசையாக நினைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிடமே இடிந்து விழுந்துவிட்டால் என்று நினைத்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கீழே இரண்டாம் மாடியில் அண்ணன் சங்கரபாண்டி டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கிறான், பக்கத்தில் அவன் பெண்டாட்டி, மைனி உலகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், கட்டிடம் இடிந்தால் முதலில் அவர்கள்மேல்தான் விழும். சீட்டு வியர்வையில் நனைந்து நம்பர் கலங்கிவிட்டது. தொலைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, இன்னொரு சீட்டு தருவார்கள், எல்லாவற்றுக்கும் இன்னொரு சீட்டு இருக்கிறது. உள்ளே போனால் சிறுநீரகம் கொடுப்பவருக்கென்று இருக்கும் தனி டாக்டர் கேட்பார். வாங்குபவரின் டாக்டர் வேறு, இவர் வேறு, அவர் அண்ணனைப் பார்ப்பார், இவர் உங்களை மட்டும் பார்ப்பார், சொந்தக்காரர் யாரும் கூட வரக்கூடாது என்று நர்ஸ் போன வாரமே சொல்லியிருந்தாள். கேள்வி ஒன்றுதான். நீங்களாக மனசு வந்துதான் கொடுக்கிறீர்களா? அதற்குப் பதில் சொல்ல எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதமாக அவள் அந்தக் கேள்வியைப் புளி கரைப்பதுபோலக் கரைத்துக்கொண்டே இருந்தாள், கொட்டை மட்டும் கரையாமல் கையிலேயே நின்றது.

எல்லாம் ஒரு சாம்பார்க் கரண்டியில் ஆரம்பித்தது. அன்று அண்ணன் வீட்டில் நாலைந்து சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்திருந்தார்கள், மனுஷன் உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பந்தியில் இருக்கிறார்கள். ஊமத்துரைச் சித்தப்பாதான் பேச்சை எடுத்தார். "மிஷின்ல எத்தன நாளைக்கு ஓட்ட முடியும், ரத்த சொந்தத்துல யாராச்சும் ஒண்ணு குடுத்தா ஆளு பொழச்சுக்கிடுவான்லா" என்றார், சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். ரத்த சொந்தம் என்றால் யார்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று, மைனிக்குச் சர்க்கரை, அவர்களுடைய மகன் இன்னும் பதினெட்டைத் தொடவில்லை. மிச்சம் இருந்தவள் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை, எல்லோரும் மிகவும் பாடுபட்டு அவளைப் பார்க்காமல் இருந்தார்கள். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாராவது இருமினால்கூடத் தப்பித்திருப்பாள். யாரும் இருமவில்லை. "நான் தாரேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த மௌனத்தை முடித்து வைக்கத்தான் சொன்னாள், குழந்தை அழுதால் பொம்மையை எடுத்து நீட்டுவதில்லையா, அப்படி. உடனே பந்திக்கு உயிர் வந்துவிட்டது. மைனி அடுக்களையில் இருந்து ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், சாம்பார் இரண்டு பேர் சேலையிலும் கொட்டியது. அண்ணன் மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவனுக்குத் தண்ணீர் அளவு உண்டு, ரசத்தைப் பிழிந்துவிட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். "யோசிச்சுச் சொல்லு" என்றான், அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இந்த எட்டு மாதத்தில் ஒரு நாளும் இல்லை. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, வாங்கப்போகிறவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது, சில ராத்திரிகளில் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள், கோபம் இருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

பன்னிரண்டு. கதவு திறந்து மூடியது, டெட்டால் நெடி வந்து போயிற்று. ஊர் கும்பிட்டதற்குக் காரணம் அந்தப் பேனர். தெருவிலுள்ள இளைஞர் மன்றத்துப் பையன்களுக்குப் பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வைக்காவிட்டால் தூக்கம் வராது, அவர்கள் கையில் இந்தச் செய்தி கிடைத்தது. செண்பகவல்லி வேலை பார்க்கும் ரேஷன் கடைக்கு எதிரே, பஸ் நிற்குமிடத்தில், பத்தடிக்கு ஆறடி. அண்ணனுக்குச் சிறுநீரகம் தந்த அன்புத் தங்கையை வணங்குகிறோம். இன்னும் ரத்தம்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை, அதற்குள் தந்தே முடித்துவிட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த அவளுடைய முகத்தைப் பெரிதாக்கியதில் கண் இரண்டும் பூத்துப்போய்த் தெரிந்தது, அடியில் மன்றத்துப் பையன்கள் இருபது பேர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மாறிப்போனார்கள். பன்னிரண்டு வருஷமாக அவளோடு மல்லுக்கட்டியவர்கள், எடை குறைகிறது, பருப்பில் கல் கிடக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்கள், இப்போது வரிசையில் நின்று "எப்பம்மா ஆப்பரேசன்" என்று கேட்டார்கள். ஒரு பாட்டியம்மா தராசுத்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. கார்டுக்கு உள்ளதை அவள் ஒரு கிராம் குறையாமல் போடுவாள், கூடவும் போடமாட்டாள். இருபது கிலோ என்றால் இருபது கிலோ. அது அவளுடைய வேலை, குறைத்தால் குற்றம், யார் வேண்டுமானாலும் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். அதைச் சரியாகச் செய்ததற்கு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் பேனர் வைத்ததில்லை, வைக்கவும் வேண்டாம். சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாத ஒன்றைத் தருகிறேன் என்றதற்கு வைத்தார்கள். ஆனால் வைத்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கத்தான் செய்கிறார்கள். எப்பம்மா, எப்பம்மா, எப்பம்மா. கேட்கக்கூடாததைக் கேட்பதற்கு நல்ல வழி முதலிலேயே புகழ்ந்துவிடுவதுதான் போல.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினாள் செண்பகவல்லி. அந்தப் பெண் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் புருஷனுக்குக் கொடுத்தவளாம், வருஷத்துக்கொரு தடவை வந்து ரத்தம், ரத்தக்கொதிப்பு எல்லாம் பார்த்துக்கொண்டு போகவேண்டும், அதற்கு வந்திருக்கிறாள். வலித்ததா என்று கேட்டதற்கு, "ஒரு வாரம் இருமினா வலிக்கும். அப்புறம் ஒண்ணும் இல்ல" என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "இதுல என்னக்கா இருக்கு. செய்யவேண்டியதுதான? யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாக." முறுக்கு கடிபடும் சத்தம். யாராக இருந்தாலுமா? அவள் பெருமை பேசவில்லை, அடக்கமாகத்தான் சொன்னாள், தனக்கு மாலை வேண்டாம் என்பதற்காகச் சொன்னாள். ஆனால் அந்த அடக்கம் செண்பகவல்லியின் நெஞ்சில் அம்மிக்கல்லாக இறங்கியது. செய்தவள் இது பெரிய காரியம் என்று சொல்லியிருந்தால் இவளுக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்கும். செய்யவேண்டியதுதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் ஒருத்தி ஆப்பரேஷன் மேசைமேல் ஏறிப் படுக்க முடியாது. அதையே எடுத்து எனக்குச் சொன்னால்? நீ செய்யவேண்டியதுதானே என்று எதிரே நின்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? தன் வயிற்றைக் காட்டிச் சொல்லலாம். அடுத்தவள் வயிற்றைக் காட்டிச் சொல்ல முடியாது. அப்படியும் நான் அவளைவிட மட்டமானவள்தானே? மட்டம் என்பது எது? எல்லோரும் நிற்கிற தரையில் நிற்பதா, அதற்கும் கீழே குழியில் இறங்குவதா? அவள் மாடிமேல் நிற்கிறாள். மாடியில் இருந்து பார்த்தால் தரையில் நிற்பவளும் குழியில் கிடப்பவளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பதிமூன்றை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஓடைப்பட்டி ஜக்கம்மாளை நினைத்தாள். நினைக்கவேண்டாம் என்று இருந்தாள், முறுக்குக்காரி கொண்டுவந்து விட்டுவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில் ஓடைப்பட்டித் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது, டவுன் பஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. ரேஷன் மண்ணெண்ணெய் ஏற்றி வந்த வண்டியோடு செண்பகவல்லியும் அக்கரையில் நின்றாள். கரையில் ஆண்கள் பதினாலு பேர், அவளே எண்ணினாள், எண்ணுவது அவள் பழக்கம். கயிறு பிடிக்கச் சொன்னதும் பதினாலு பேரும் ஓடிவந்து பிடித்தார்கள், பிடிக்காமல் பீடி குடித்துக்கொண்டு நின்றிருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியவன் ஜக்கம்மாள் புருஷன் ஒருத்தன்தான், பஸ் கண்டக்டர்கூட இல்லை, வழியில் போன கொத்தனார். ஒரு தடவை போய் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தான். இரண்டாம் தடவை ஒரு கிழவரை. போதும்யா, போதும்யா என்று கரை கத்தியது. மூன்றாம் தடவை கயிறு மட்டும் வந்தது. மாலை, மௌன ஊர்வலம், கலெக்டர், எல்லாம் ஆயிற்று. இறங்காத பதிமூன்று பேரை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கயிறு பிடிக்காதவனைக் கேட்கலாம், தண்ணீரில் இறங்காதவனைக் கேட்க முடியாது. அடுத்த மாதம் ஜக்கம்மாள் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள், ஒரு பெயரை எடுக்கவேண்டும், ஆள் குறைந்தால் அரிசியும் குறையும், அது கணக்கு. பெயரை எடுத்துக்கொண்டிருந்தபோது ஜக்கம்மாள் அமைதியாகச் சொன்னாள், "மூணாவது வாட்டி போகாம இருந்தா யாரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாவம்மா. ரெண்டு தடவ போனதே பெரிசுன்னுல்லா சொல்லியிருப்பாவ." அழவில்லை. பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று மட்டும் செண்பகவல்லிக்கு இரண்டு கை அரிசி கூடப் போடத் தோன்றியது, போடவில்லை. போட்டிருக்கலாம். போடாததற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதிலேயே பெரிய நல்லது அவன் செய்தது, அதைச் செய்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் பதினாலு கார்டிலும் பெயர் எடுக்க வேண்டியிருக்கும், பதினாலு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் சட்டம் இல்லை. அதனால்தான் மாலை இருக்கிறது. கேட்டு வாங்க முடியாததற்கு வேறு என்னதான் செய்வார்கள்?

ஆனால் இது வெள்ளமில்லையே. போன மாதம் வரைபடம் போட்டுக் காட்டி விளக்கினார்கள். தொப்புளைச் சுற்றி மூன்று நான்கு சின்னத் துளை, அடியில் ஒரு கீறல், இடது பக்கத்தில் உள்ளதைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள், மிச்சம் இருப்பது கொஞ்சம் பெருத்து இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். ஆப்பரேஷனால் உயிர் போவது பத்தாயிரத்தில் மூன்று பேருக்கு. பத்தாயிரத்தில் மூன்று. அவள் கடையில் ஆயிரத்து நூறு கார்டு, அதுபோல ஒன்பது கடைக் கார்டுகளையும் வரிசையில் நிற்கவைத்தால் அதில் மூன்று பேர். வெறும் மூன்று பேர். அந்த மூன்று பேரில் நான் இருக்கமாட்டேன் என்று ஒன்பது கடை ஆட்களும் நினைத்துக்கொண்டுதானே நிற்பார்கள்? ரத்த வகை சேர்ந்துவிட்டது, திசு சேர்ந்துவிட்டது, ஸ்கேனில் இரண்டும் அருமையாக வேலை செய்கிறதாம், "உங்களுக்குக் கிட்னி இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைக்கு இருக்க மாதிரி இருக்கும்மா" என்று ஸ்கேன் எடுத்தவன் பாராட்டினான், அவள் ஏதாவது கோளாறு சொல்லமாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு வயதில் உடம்பு ஆரோக்கியமாக இருப்பதற்காக அழுத பொம்பளை உலகத்தில் அவளாகத்தான் இருப்பாள். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாவா? கொஞ்சம். மகள் யாழினி பத்தாவது படிக்கிறாள், அதுவா? அதைச் சொன்னால் நன்றாக இருக்கும், பிள்ளைக்காக என்றால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், ஆனால் அது பொய். தொட்டுப் பார்த்துக்கொண்டாள், விலாவுக்குக் கீழே, சேலைக்கு மேலாக. இது என்னுடையது. அவ்வளவுதான் காரணம். இதற்குமேல் தோண்டினால் வெறும் மண்தான். என்னுடையதை யாரும் தொடவேண்டாம் என்று உடம்பு ஒரு மாடுபோலக் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது, இழுத்தால் வரவில்லை. வீட்டுக்காரர் தர்மராஜ், லாரி டிரைவர், போனில் கேட்டபோது "உன் இஷ்டம்" என்றார். கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோதும் வந்து போட்டுவிட்டு "உன் இஷ்டம்" என்றார். அவர் வேண்டாம் என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள். நல்ல மனுஷன், பாவி.

பதினாலு. பதினைந்து கேன்டீனுக்குப் போயிருக்கிறார், பதினாறை முதலில் கூப்பிடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் தனக்கு என்ன செய்தான் என்று தேடினாள். ஏதாவது பெரிதாகச் செய்திருந்தால் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம், கடன் என்று ஆகிவிட்டால் யோசனைக்கே வேலையில்லை. கிணற்றில் விழுந்தவளைத் தூக்கினானா? விழவே இல்லை. படிப்பை விட்டுவிட்டுப் படிக்க வைத்தானா? அவனே எட்டாவதோடு ஓடிவந்தவன். மிதிவண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவான், பாதி வழியில் இறக்கி விட்டுவிட்டுக் கபடி ஆடப் போய்விடுவான். பொங்கலுக்குச் சீர் கொண்டுவருவான். வாழைத்தாரில் எப்போதும் இரண்டு சீப்பு குறைந்திருக்கும், வழியிலேயே தின்றுவிட்டேன் என்று சிரிப்பான். எல்லா அண்ணனும் செய்ததைத்தான் செய்தான். கணக்கு நேர். அவளுக்குக் கடன் ஒன்றும் இல்லை. அப்படி நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் மாசி மாதத்து ஒரு நாள் நினைவுக்கு வந்தது. அண்ணனைப் பார்க்கும் டாக்டர் சொன்னார், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கு அரசாங்கப் பட்டியல் ஒன்று இருக்கிறது, எதற்கும் அதிலும் பதிந்து வையுங்கள், பதிந்த தேதியிலிருந்துதான் வரிசை, வருஷக்கணக்கில் ஆகும். மைனி சிரித்துக்கொண்டே சொன்னாள், "எங்களுக்குத்தான் ஆளு இருக்கே டாக்டர், எதுக்கு அது?" சொல்லிவிட்டுச் செண்பகவல்லியின் தோளில் கையை வைத்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். எதற்கும் பதியுங்கள் மைனி, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம். கூசாமல் நின்றாள். சிரித்தாள்கூட. கார்டு பதியாமல் வரிசையில் வர முடியாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சிறுநீரகம் கடமை இல்லை, சரி. அந்த ஒரு வாக்கியம் கடமைதானே? அதற்கு என்ன வெட்டு, என்ன கீறல், பத்தாயிரத்தில் எத்தனை பேர் செத்தார்கள்? கயிறு அதுதான். எல்லோரும் ஆற்றில் இறங்கச் சொல்கிறார்களே என்று மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றவள் கயிற்றைப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று தடவை, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், அந்த ஊசி, நிலக்கடலைத் தொலிபோல ஆகிவிட்ட அந்த முகம். இனிமேல் இல்லை என்று சொல்ல எனக்கு எங்கே இருக்கிறது உரிமை? இந்த எட்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க வழி ஒன்றுதான், போய்ப் படு, போய்ப் படுத்துத் தொலை. எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

அறை சின்னது, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மணி பிளான்ட். டாக்டரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார். கதவை அவரே எழுந்துபோய்த் தாழ்போட்டார். "உங்க அண்ணனுக்கு நான் டாக்டர் இல்ல. உங்களுக்கு மட்டும்தான். இங்க பேசுறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது. நீங்களா விருப்பப்பட்டுத்தான் குடுக்கறீங்களா?" ஆமாம் என்றுதான் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. டாக்டரம்மா அவசரப்படவில்லை. அந்த மௌனமும் சாம்பார்க் கரண்டி மௌனம் மாதிரியே இருந்தது, ஆனால் இவர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எல்லார் முன்னாடியும் தாரேன்னு சொல்லிட்டேன் டாக்டர்." "சொல்லியிருக்கலாம். மேசையில படுக்க வச்சு மயக்க மருந்து குடுக்கற நிமிஷம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். இதுல வாக்கு குடுத்துட்டோம்ங்கிறது கட்டுப்படுத்தாது." "என்ட்ட காரணம் ஒண்ணும் இல்லையே." "நான் கேக்கலையே. வேணும்னு சொல்றவங்ககிட்டதான் ஏன்னு நூறு கேள்வி கேப்போம். வேண்டாம்கிறதுக்குக் காரணம் தேவையில்ல." செண்பகவல்லி பட்டியலைப் பற்றிச் சொன்னாள், பதியாமல் விட்டதை, சிரித்ததை, ஒன்றுவிடாமல். டாக்டரம்மா பேனாவின் மூடியைத் திருகினார். "அது தப்புதாம்மா" என்றார். "இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தத் தப்புக்கு அபராதமா உறுப்பை வாங்க எனக்கு அனுமதி இல்ல. இன்னைக்கே பதியச் சொல்லுங்க, அது நீங்க செய்ய வேண்டியது. இது அப்படி இல்ல." இவ்வளவு எளிதாக ஒருவர் இரண்டையும் பிரித்து வைப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. எட்டு மாதமாகச் சிக்கிக் கிடந்த நூலை இரண்டு விரலால் எடுத்து வைத்துவிட்டார். அவளுக்கு வந்த அழுகை நிம்மதியால் வந்ததில்லை. "முடியல டாக்டர். எனக்கு முடியல." "சரி" என்றார் அவர். ஒரு தாளில் எழுதினார். "உடம்பு ரீதியா தகுதி இல்லைன்னு மட்டும் சொல்லுவோம். என்ன ஏதுன்னு யார் கேட்டாலும் விளக்கம் தரமாட்டோம். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம், உங்களுக்காகப் பொய் சொல்றதா நினைக்காதீங்க." பிறகு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பயந்தவங்க கெட்டவங்க இல்லம்மா" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நர்ஸ் கீழே வந்து சொல்லி முடிப்பதற்குள் மைனி மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு திரும்பிச் செண்பகவல்லியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவளையே தேற்றினாள். "நீ என்ன செய்வே செம்பகம், நீ குடுக்கத்தான வந்தே. உன் மனசு யாருக்கு வரும்? குடுத்ததுக்குச் சமம்தாம்மா, குடுத்ததுக்குச் சமம்." ஒவ்வொரு வார்த்தையும் செருப்பால் அடித்ததுபோல விழுந்தது. செருப்பால் அடித்திருந்தால் தேவலை. பிறகு மைனிக்கு ஏதோ தட்டியது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன மாசம் எல்லாம் நல்லாப் பொருந்துதுன்னுல்லா சொன்னாவ? ஸ்கேன்கூட நல்லா இருக்குன்னாவளே, இப்ப என்ன திடீர்னு?" என்றாள். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். "போன வாரமே டாக்டர் என்ட்ட சொல்லிட்டாரு, செம்பகத்துக்கு ஒத்துவராதுன்னு" என்றான். "நீ அழுவேன்னுதான் சொல்லலை. போ, கீழ போயி மருந்துச் சீட்டை வாங்கிட்டு வா." மைனி மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். போன வாரம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது. ஒத்துவராதது நடந்தே கால்மணி நேரம்தான் ஆகிறது.

அவள் அவனைப் பார்க்காமல் நின்றாள். கட்டில் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது. "பட்டியல்ல பதியணும் அண்ணே. இன்னைக்கே. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்." "மாசியிலயே பதிஞ்சாச்சு" என்றான் அவன். "டாக்டர் சொன்ன மறுநாளே. உங்க மைனிக்குத் தெரியாது." அப்படியென்றால் அவளுக்கு மனசில்லை என்று மாசியிலேயே அவனுக்குத் தெரியும். அதற்கும் முன்னாலேயே, ரசத்தைப் பிழிந்துகொண்டு தலையைத் தூக்காமல் இருந்தானே, அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் எட்டு மாதமாக அந்தப் பேனருக்குக் கீழே பஸ் ஏறி வந்து ஊசி குத்திக்கொண்டு போனான். இதை அவன் செய்யவேண்டும் என்று யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. "என்ட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள். "நான் உன்ட்ட ஒருநாளாச்சும் தேங்க்ஸ் சொன்னேனா?" என்று அவன் கேட்டான். இல்லை. "சொன்னா உனக்குத் திரும்பிப் போக வழி இருக்காதுல்லா" என்றான், சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்துப் பார்த்தான், ரத்தம் நின்றிருந்தது. "காலையில எதும் சாப்பிட்டியா? மூஞ்சி வெளிறிக் கெடக்கு." இப்போது மேலே ஓடலாம். டாக்டரம்மா இன்னும் அங்கேதான் இருப்பார், பத்தொன்பதாம் நம்பர் போய்க்கொண்டிருக்கும், கதவைத் தள்ளிக்கொண்டு போய் நான் தருகிறேன், இப்போது நானாகத் தருகிறேன் என்று சொன்னால் போதும். முதல் தடவையாக அது அவளுக்குச் செய்யக்கூடிய காரியமாகத் தெரிந்தது. படிக்கட்டு பத்தடியில் இருந்தது. அவள் காலைப் பார்த்தாள். மாடு நின்ற இடத்திலேயே நின்றது. "பேனரை எடுக்கச் சொல்லணும் அண்ணே" என்றாள். "கெடக்கட்டும். ரெண்டு வெயில் அடிச்சா தானா வெளுத்துரும்" என்றான் அவன், இறங்குவதற்கு ஒத்தாசையாக அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடம், அவள் தோலோடு பட்டது. உள்ளே ரத்தம் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது, மூடிய பெட்டிக்குள் வண்டு இருப்பதுபோல. அவன் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அந்த அதிர்வைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் லிஃப்ட் வரும்வரை நின்றாள்.